ஸ்கேன் செய்த இருப்புநிலைக் குறிப்பைத் தட்டையாக்க: விளிம்பை நம்புவதா, கூட்டலை நம்புவதா?

தாளில் பார்க்கும்போது எல்லாம் தெளிவாகவே இருக்கும். "நடப்புச் சொத்துகள்" என்று ஒரு தலைப்பு. அதன் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி நான்கைந்து வரிசைகள். அப்புறம் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே மொத்தம். எது எதற்குள் அடக்கம் என்று கண் நொடியில் சொல்லிவிடும். அதே தாளை ஸ்கேன் செய்து, எழுத்துணரி (ஓசிஆர்) வழியாக எக்செலுக்குள் கொண்டுவந்தால் உள்தள்ளல் காணாமல் போய்விடுகிறது. தலைப்பும் உருப்படியும் மொத்தமும் ஒரே தரத்தில் வரிசையாக நிற்கும். அந்தப் பத்தியை அப்படியே கூட்டினால் சொத்து மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிடும்.

இதற்கு வழக்கமான மருந்து, எல்லா வரிசைகளையும் ஒரே மட்டத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் "தாய்" என்று ஒரு பத்தி சேர்ப்பது. ஆங்கிலத்தில் பேரண்ட் என்பார்கள். ஒவ்வொரு வரிசையும் எந்த வரிசைக்குள் அடங்குகிறது என்பதை அந்தப் பத்தி சொல்லும். பத்தி சேர்ப்பது சுலபம். அதில் எதை எழுதுவது என்று தீர்மானிப்பதுதான் வேலை. அந்தத் தீர்மானத்துக்கு நம்மிடம் இருக்கும் சாட்சிகள் மூன்று: எழுத்து தொடங்கும் இடம், எண்களின் கூட்டல், வரிசையில் உள்ள சொற்கள். நான்காவதாக, எந்தச் சாட்சியையும் கூப்பிடாமல் நாமே கையால் எழுதிவிடலாம். இவற்றை ஒரே தாளில் ஓட்டிப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. இதே அறிக்கை, நிதி அறிக்கைகளைக் கணினி நேரடியாகப் படிப்பதற்கென்று உள்ள எக்ஸ்பிஆர்எல் வடிவில் எங்காவது கிடைக்கிறதா? கிடைத்தால் ஸ்கேனை மூடி வைத்துவிடலாம். எந்த உருப்படி எந்த மொத்தத்தில் சேருகிறது, கூட்டலாகவா கழித்தலாகவா என்பதெல்லாம் அந்த வடிவிலேயே எழுதப்பட்டிருக்கும். பழைய அறிக்கைகளுக்கும் சிறிய நிறுவனங்களுக்கும் பெரும்பாலும் அது கிடைக்காது. அதனால்தான் இந்தப் பாடு.

சோதனைத் தாள்

இதற்காகவே நான் கட்டிய ஒரு தாள் இது. எண்கள் ஆயிரங்களில். இடது விளிம்பிலிருந்து எத்தனையாவது பிக்சலில் எழுத்து தொடங்குகிறது என்பது இரண்டாம் பத்தியில் இருக்கிறது.

```
r01  210  சொத்துகள்
r02  245  நடப்பு அல்லாத சொத்துகள்
r03  280  நிலமும் கட்டடமும்                   4,120
r04  280  இயந்திரங்கள்                        2,365
r05  280  கழிக்க: திரண்ட தேய்மானம்           (1,140)
r06   -   (பெயர் இல்லை)                       5,345
r07  280  முதலீடுகள்                            600
r08  315  மொத்த நடப்பு அல்லாத சொத்துகள்       5,945
r09  245  நடப்புச் சொத்துகள்
r10  280  சரக்கிருப்பு                        1,285
r11  280  வரவேண்டிய கடன்கள்                   1,930
r12  315  இதில் ஆறு மாதத்துக்கு மேற்பட்டவை      410
r13  280  ரொக்கமும் வங்கி இருப்பும்             872
r14  280  மற்றவை                                 94
r15  315  மொத்த நடப்புச் சொத்துகள்            4,181
r16  210  மொத்தச் சொத்துகள்                  10,127
```

சின்னத் தாள்தான். ஆனால் உண்மையான அறிக்கைகளில் திரும்பத் திரும்பத் தொல்லை தருபவை எல்லாம் இதில் உண்டு. பெயரே இல்லாத ஓர் இடைமொத்தம் இருக்கிறது (r06). மொத்த வரிசைகள் தலைப்போடு நேராக நிற்காமல் இன்னும் உள்ளே தள்ளி நிற்கின்றன (r08, r15). "இதில்" என்று தொடங்கும் ஒரு வரிசை மேலே உள்ளதன் ஒரு பகுதியைத் தனியே காட்டுகிறது. கூட்டலில் சேராது (r12). கடைசி மொத்தம் ரவுண்ட் செய்ததால் ஒன்று கூடுதலாக இருக்கிறது. 5,945 + 4,181 கூட்டினால் 10,126 வரும், தாளில் 10,127.

எண் பத்தி முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் 36,134 வருகிறது. பிவட் டேபிளில் இப்படி ஓர் எண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டவர்கள்தான் பெரும்பாலும் தாய்ப் பத்தியைத் தேடி வருகிறார்கள்.

விளிம்பை நம்பும் வழி

எழுத்துணரி ஒவ்வொரு சொல்லும் தாளில் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே தரும். டெசராக்ட் என்ற எழுத்துணரியில் இந்தக் கட்டளை போதும்:

```
tesseract page.png out -l tam --psm 6 tsv
```

வெளிவரும் கோப்பில் `left`, `top`, `width`, `height` ஆகிய பத்திகள் இருக்கும். `--psm 6` என்பது பக்கத்தை ஒரே தொகுதியாகப் பார்க்கச் சொல்கிறது. அதைச் சொல்லாவிட்டால் பெயர்ப் பத்தியையும் எண் பத்தியையும் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்து, பெயருக்கும் எண்ணுக்கும் இடையிலான உறவை அறுத்துவிட வாய்ப்பு அதிகம்.

ஒவ்வொரு வரிசையிலும் முதல் சொல்லின் `left` மதிப்பை எடுத்து, ஒன்றுக்கொன்று நெருங்கியவற்றைக் குழுவாக்கினால் நிலைகள் கிடைக்கும். 208 முதல் 213 வரை ஒரு குழு, 243 முதல் 248 வரை அடுத்தது என்று போகும். இடைவெளி 15 பிக்சலுக்கு மேல் வந்தால் புது நிலை. அப்புறம் ஓர் அடுக்கு வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வர வேண்டியதுதான்:

```python
stack = []
for r in rows:
    while stack and stack[-1].level >= r.level:
        stack.pop()
    r.parent = stack[-1].id if stack else None
    stack.append(r)
```

ஒவ்வொரு வரிசைக்கும் தனக்கு மேலே, தன்னைவிட வெளியே தள்ளி நிற்கும் மிக அருகிலுள்ள வரிசை தாயாகிறது. எளிமையான வழி. ஆனால் ஸ்கேனில் இது தடுக்கி விழும் முதல் இடமே தாளின் சாய்வு.

300 டிபிஐ ஸ்கேனில் மூன்று மில்லிமீட்டர் உள்தள்ளல் என்பது சுமார் 35 பிக்சல். தாள் ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தால், 2,000 பிக்சல் கீழே வரும்போது எழுத்து பக்கவாட்டில் நகர்ந்திருக்கும் தூரமும் சுமார் 35 பிக்சல்தான். பக்கத்தின் உச்சியில் உள்ள தலைப்பும் அடியில் உள்ள உருப்படியும் ஒரே நிலை என்று கணக்காகிவிடும். கண்ணுக்கு அந்தத் தாள் கோணலாகக்கூடத் தெரியாது. பக்கத்தின் மேல் பாதி சரியாக வந்து கீழ்ப் பாதி மட்டும் ஒரு நிலை பிசகியிருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

சாய்வை அளக்கப் படத்தை ஆராய வேண்டிய அவசியம் இல்லை. எண்கள் வலப்பக்கம் ஒட்டி அச்சாகியிருக்கும். அவற்றின் வலது விளிம்பு, அதாவது `left + width`, தாள் நேராக இருந்தால் மாறாமல் இருக்க வேண்டும். மேலிருந்து கீழே அது எவ்வளவு நகர்கிறது என்று ஒரு நேர்கோடு பொருத்திப் பார்த்தால் அந்தச் சரிவே சாய்வு. அதை ஒவ்வொரு வரிசையின் `top` மதிப்பால் பெருக்கி, பெயரின் `left` மதிப்பிலிருந்து கழித்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: அடைப்புக்குறிக்குள் உள்ள எண்களை இந்த அளவையில் சேர்க்காதீர்கள். பல அறிக்கைகளில் இலக்கங்கள் நேராக நிற்பதற்காக மூடும் அடைப்புக்குறி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். இன்னொன்று, ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக அளக்க வேண்டும். முதல் பக்கத்தின் 210 அடுத்த பக்கத்தில் 190 ஆகவும் இருக்கலாம்.

சாய்வைத் திருத்தியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு நம் தாளில் ஓட்டினால் என்ன கிடைக்கிறது? r03, r04, r05, r07 எல்லாம் r02-க்குள் சரியாகப் போகின்றன. r10, r11, r13, r14 நான்கும் r09-க்குள். r12 மிக அழகாக r11-க்குள் போய் உட்காருகிறது. அதாவது "ஆறு மாதத்துக்கு மேற்பட்டவை" வரவேண்டிய கடன்களின் ஒரு பகுதி. இதுவரை பிசகே இல்லை.

மொத்த வரிசைகளுக்கு வரும்போதுதான் வேடிக்கை. r15 மிக உள்ளே தள்ளி நிற்பதால், அதன் தாய் r14 ஆகிவிடுகிறது. "மற்றவை" என்ற 94-க்குள் 4,181 அடக்கம் என்கிறது பட்டியல். அதேபோல் r08 முதலீடுகளின் பிள்ளையாகிறது. r06-க்குப் பெயரே இல்லை. அதன் முதல் சொல்லே எண்தான் என்பதால், அது பக்கத்தின் வலக்கோடியில் ஏதோ ஓர் ஆழமான நிலையில் இருப்பதாகக் கணக்காகும். மொத்தம் தலைப்போடு நேராக அச்சாகியிருந்தாலும் தப்பிக்க முடியாது. அப்போது அது தலைப்பின் உடன்பிறப்பாகி, சொத்துகளுக்குக் கீழே இரண்டாம் முறை கணக்கில் ஏறும்.

விளிம்பு பொய் சொல்வதில்லை. அச்சிட்டவர் மொத்தத்தை எங்கே வைத்தார் என்பதைத்தான் சொல்கிறது. மொத்தம் எதன் மொத்தம் என்பது அதற்குத் தெரியாது.

மடிந்த பெயர்கள் இன்னொரு தொல்லை. பெயர் நீளமாக இருந்து இரண்டு அடிகளில் அச்சாகியிருந்தால், இரண்டாம் அடி சற்று உள்ளே தள்ளி, எண்ணோடு நிற்கும். முதல் அடியில் எண் இருக்காது. ஒரு தலைப்பும் அதன் ஒற்றைப் பிள்ளையும் அச்சு அசலாக இதே உருவத்தில்தான் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய உதவுவது `top` மதிப்பு. மடிந்த அடிகளுக்கு இடையே உள்ள உயரம், வரிசைகளுக்கு இடையே உள்ள வழக்கமான உயரத்தைவிடக் குறைவாக இருக்கும். எல்லா அடுத்தடுத்த இடைவெளிகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் இரண்டு கூட்டங்களாகப் பிரிவது தெரியும். சிறிய கூட்டத்தில் உள்ளவற்றை ஒட்டிவிடலாம்.

கூட்டலை நம்பும் வழி

இங்கே எழுத்து எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்ப்பதே இல்லை. மேலிருந்து வரும்போது ஒவ்வோர் எண்ணிடமும் ஒரே கேள்வி: உனக்கு மேலே கடைசியாக வந்த இரண்டோ மூன்றோ நான்கோ எண்களின் கூட்டுத்தொகையா நீ? ஆமென்றால் அவை அத்தனையும் அதன் பிள்ளைகள். அவற்றை அடுக்கிலிருந்து எடுத்துவிட்டு மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேற்கொண்டு போகலாம்.

```python
def fold(rows):              # எண் உள்ள வரிசைகள் மட்டும்
    stack = []
    for r in rows:
        s = 0
        for k in range(1, len(stack) + 1):
            s += stack[-k].amount
            if k >= 2 and abs(s - r.amount) <= (k + 1) / 2:
                for c in stack[-k:]:
                    c.parent = r.id
                del stack[-k:]
                break
        stack.append(r)
    return stack
```

`(k + 1) / 2` என்பது ரவுண்ட் செய்ததற்காக விட்டுக்கொடுப்பது. ஒவ்வோர் எண்ணும் அதிகபட்சம் அரை அலகு பிசகியிருக்கலாம், மொத்தமும் அப்படியே. ஆகவே இரண்டு பிள்ளைகள் உள்ள மொத்தத்தில் ஒன்று வரை வித்தியாசம் நியாயமானது. நான்கு பிள்ளைகள் என்றால் இரண்டு வரை.

நம் தாளில் இது எங்கே ஜெயிக்கிறது பாருங்கள். r06-க்கு வரும்போது மேலே −1,140, 2,365, 4,120. மூன்றையும் கூட்டினால் 5,345. பெயரே இல்லாத வரிசைக்குப் பிள்ளைகள் கிடைத்துவிட்டன. அடுத்து r07-இன் 600; அப்புறம் r08: 600 + 5,345 = 5,945. அதுவும் முடிந்தது. விளிம்பு திணறிய இரண்டு இடங்களையும் கூட்டல் அநாயாசமாகத் தாண்டிவிட்டது.

ஆனால் r15-இல் நின்றுவிடுகிறது. 94, 872, 410, 1,930, 1,285 எல்லாம் கூட்டினால் 4,591, தாளில் 4,181. பொருந்தவில்லை. இது பொருந்தாததால் மேலே உள்ளவை மடியாமல் அடுக்கிலேயே கிடக்கின்றன. அதனால் r16-உம் பொருந்தாது. கூட்டல் வழியின் பெரிய பலவீனம் இதுதான். கீழ்மட்டத்தில் ஒரு வரிசை தப்பினால் அதற்கு மேலுள்ள கட்டடம் முழுவதும் சரியும்.

அதே சமயம், தோற்கும்போதுகூட அது ஒரு துப்பு விட்டுச்செல்கிறது. வித்தியாசம் 4,591 − 4,181 = 410. ஒரு வரிசையின் எண்ணுக்கு அப்படியே சமம். அப்படியானால் அந்த வரிசை கூட்டலில் சேராத "இதில்" வரிசை. அதை ஒதுக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் r15 நான்கு பிள்ளைகளோடு மடிகிறது, r16 ஒன்று என்ற வித்தியாசத்தோடு மடிகிறது.

வித்தியாசத்தைப் படிப்பது ஒரு பழைய கணக்கர் பழக்கம். அதை இங்கே கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளலாம். r05-இல் எழுத்துணரி அடைப்புக்குறியைத் தவறவிட்டு 1,140 என்று படித்திருந்தால், கூட்டல் 7,625 வரும், வித்தியாசம் 2,280. ஒரு வரிசையின் எண்ணைப்போல் சரியாக இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தால் அங்கே குறி தொலைந்திருக்கிறது. வித்தியாசம் 20, 500, 3,000 போல ஒரே இலக்கமும் பின்னால் சுழிகளுமாக வந்தால், எங்கோ ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. 2,365-ஐ 2,385 என்று படித்தால் வித்தியாசம் 20. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கர்களின் சூத்திரம். ஆனால் அது மனிதர்கள் தட்டச்சு செய்யும்போது வரும் பிழை. எழுத்துணரி இலக்கத்தை மாற்றிப் படிக்கும், இடம் மாற்றுவது அபூர்வம். கையால் தட்டிய பட்டியல் என்றால் மட்டும் அதைப் பாருங்கள்.

தோற்பது பரவாயில்லை, தெரிந்துவிடும். தற்செயலாகப் பொருந்துவதுதான் ஆபத்து. 40, 60, 100 என்று மூன்று சின்ன உருப்படிகள் அடுத்தடுத்து வந்தால், மூன்றாவது முதல் இரண்டின் மொத்தம் என்று இந்தச் செயல்முறை கூசாமல் சொல்லிவிடும். இதைத் தடுக்க ஒரு நல்ல வழி தாளிலேயே இருக்கிறது. பெரும்பாலான அறிக்கைகளில் இந்த ஆண்டு, சென்ற ஆண்டு என்று இரண்டு எண் பத்திகள் உண்டு. இரண்டு பத்திகளிலும் ஒரே வரிசைகள் ஒரே மொத்தத்துக்குப் பொருந்தினால் மட்டுமே மடிப்பது என்று வைத்துக்கொண்டால் தற்செயல் கிட்டத்தட்ட ஒழிந்துவிடும். இந்த ஆண்டு வெறும் கோடு போட்ட வரிசைகளுக்கும் சென்ற ஆண்டுப் பத்திதான் கைகொடுக்கும். சுழியம் எந்த மொத்தத்தில் சேர்ந்தாலும் கணக்கு மாறாது. அதனால் அந்த வரிசை இந்தக் குழுவின் முதல் ஆளா, அந்தக் குழுவுக்கு வெளியே நிற்பதா என்பதை இந்த ஆண்டு எண்ணால் சொல்லவே முடியாது.

ஒரே பிள்ளை உள்ள குழுக்களையும் இந்த வழி பிடிக்காது. `k >= 2` என்று வைத்ததே அதற்காகத்தான். `k = 1` என்று தளர்த்தினால், அடுத்தடுத்து ஒரே எண் வரும் எந்த இரண்டு வரிசைகளும் தாயும் பிள்ளையும் ஆகிவிடும். அவற்றை விளிம்பிடம் விட்டுவிடுவது மேல்.

சொற்களை நம்பும் வழி

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. "மொத்தம்", "கூட்டுத்தொகை" என்று தொடங்குபவை மொத்தங்கள். "இதில்", "இவற்றுள்" என்று தொடங்குபவை கூட்டலில் சேராதவை. "கழிக்க" என்றால் அடைப்புக்குறி இல்லாவிட்டாலும் குறி எதிர்மறை. இதை மட்டும் வைத்துத் தாயைக் கண்டுபிடிக்க முடியாது, r06 போன்ற பெயரற்றவற்றிடம் இது வாயே திறக்காது. ஆனால் மற்ற இரண்டு வழிகளுக்கும் இது நல்ல எடுபிடி. நம் தாளில் r12-ஐ முன்கூட்டியே ஒதுக்கிவிட்டிருந்தால் கூட்டல் தடுமாறியே இருக்காது.

"நிகர" என்ற சொல்லிடம் மட்டும் கவனம் தேவை. "நிகர நடப்புச் சொத்துகள்" என்பது நடப்புச் சொத்துகளிலிருந்து நடப்புப் பொறுப்புகளைக் கழித்து வருவது. இரண்டு வெவ்வேறு தலைப்புகளைத் தாண்டிப் பிறந்த எண். அதற்குள் எதுவும் அடக்கமில்லை. அதைத் தாயாக்கினால் கிளைகள் சிக்கிக்கொள்ளும்.

கையால் எழுதும் வழி

ஒரே ஒரு அறிக்கை, நாற்பது வரிசை என்றால் மேலே சொன்ன நிரல் எதுவும் வேண்டாம். கையாலேயே செய்யுங்கள். நிரல் எழுதித் திருத்தும் நேரத்தில் மூன்று தாள்களை முடித்துவிடலாம். ஆனால் தாயின் பெயரைத் தட்டாதீர்கள். நிலையை மட்டும் தட்டுங்கள். தாளைப் பார்த்து 0, 1, 2 என்று ஓர் இலக்கம் போடுவது வேகமும் கூட, பிழையும் குறைவு. மொத்த வரிசைக்கு அச்சில் அது நிற்கும் இடத்தைப் பார்க்காமல், உருப்படிகளுக்குப் போட்ட அதே நிலையைப் போடுங்கள். A பத்தியில் வரிசை எண், B பத்தியில் நிலை இருந்தால், ஏழாம் வரிசைக்கான தாயை எக்செல் இப்படிக் கண்டுபிடிக்கும்:

```
=LOOKUP(2,1/(B$1:B6=B7-1),A$1:A6)
```

தனக்கு மேலே, தன்னைவிட ஒரு நிலை குறைவாக உள்ள கடைசி வரிசையை இது எடுத்துத் தருகிறது. B பத்தியில் காலிக் கட்டம் விடக்கூடாது. காலியையும் எக்செல் 0 என்றே எடுத்துக்கொள்ளும். 0 நிலையில் உள்ளவற்றுக்கு `#N/A` வரும். அவற்றுக்குத் தாய் இல்லை, அது பிழை அல்ல.

என் தேர்வு

விளிம்பா கூட்டலா என்று கேட்டால், தாளின் எண்ணிக்கையையும் வடிவத்தையும் பொறுத்தது. ஒரே நிறுவனத்தின் பத்து ஆண்டு அறிக்கைகள், ஒரே அச்சு வடிவம் என்றால் விளிம்பு முதலில். நிலைகளை ஒருமுறை சரிபார்த்துவிட்டால் மற்றவை அதே அச்சில் வரும். மொத்த வரிசைகளை மட்டும் சொற்களால் பிடித்துத் தலைப்போடு சேர்த்துக்கொள்ளலாம். வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு வடிவங்கள் என்றால் கூட்டல் முதலில். அச்சு வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். 5,345 + 600 மாறாது.

எதை முதலில் வைத்தாலும் மற்றதை இரண்டாம் சாட்சியாக ஓட்டிவிடுவேன். இரண்டும் தடுமாறும் இடங்கள் வேறு வேறு என்பதுதான் காரணம். விளிம்பு மொத்தங்களில் தடுமாறுகிறது, கூட்டல் "இதில்" வரிசைகளில் தடுமாறுகிறது. ஒன்று விழும் இடத்தில் மற்றது நிற்கிறது. இரண்டையும் ஒப்பிட ஒரு சின்னப் பாலம் வேண்டும், ஏனென்றால் விளிம்பு தலைப்பைத் தாய் என்கிறது, கூட்டல் மொத்தத்தைத் தாய் என்கிறது. ஒரு மொத்தத்தின் முதல் பிள்ளைக்கு மேலே போய், எண் இல்லாத முதல் வரிசையைப் பிடித்தால் அதுவே அந்த மொத்தத்தின் தலைப்பு. r15-இன் முதல் பிள்ளை r10. அதற்கு மேலே எண் இல்லாதது r09. ஆக r15-உம் r09-உம் ஒரே குழுவின் வாலும் தலையும். பிள்ளைகள் எல்லாமே மொத்தங்களாக இருந்தால் அவற்றின் தலைப்புகளுக்கு மேலே போக வேண்டும். r16-க்கு r08, r15 பிள்ளைகள். அவற்றின் தலைப்புகள் r02, r09. அவற்றுக்கு மேலே r01. இப்படி மாற்றிய பிறகு இரண்டு சாட்சிகளும் ஒரே தாயைச் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முரண்படும் வரிசைகளை மட்டும் கண்ணால் பார்த்தால் போதும்.

இன்னும் இரண்டு சின்னத் தீர்மானங்கள் பாக்கி. தாய்ப் பத்தியில் பெயரை எழுதுவதா, வரிசை எண்ணையா? எண்ணைத்தான். "கடன்கள்" என்ற பெயர் நடப்புப் பொறுப்பிலும் வரும், நீண்டகாலப் பொறுப்பிலும் வரும். "மற்றவை" எல்லா இடத்திலும் வரும். பெயரை வைத்துக் கூட்டினால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும், பிழைச் செய்திகூட வராது. படிப்பவர் வசதிக்குத் தாயின் பெயரை இன்னொரு பத்தியில் வைத்துக்கொள்ளலாம். இணைப்பது எண்ணாக இருக்கட்டும்.

அடுத்தது, மொத்த வரிசைகளை நீக்கிவிடுவதா? பலர் நீக்குகிறார்கள், நான் நீக்குவதில்லை. நீக்கினால் சரிபார்க்க இருந்த ஒரே ஆதாரம் போய்விடும். தாளில் பதினாறு வரிசை இருந்தால் பட்டியலிலும் பதினாறு இருந்தால்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் ஓட்ட முடியும். அதற்குப் பதில் "வகை" என்று ஒரு பத்தி வைத்துவிடுகிறேன். அதில் `head` தலைப்பு, `leaf` உருப்படி, `sub` இடைமொத்தம், `total` மொத்தம், `memo` கூட்டலில் சேராத "இதில்" வரிசை:

```
id   parent  kind    amount
r01  -       head
r02  r01     head
r03  r02     leaf     4120
r04  r02     leaf     2365
r05  r02     leaf    -1140
r06  r02     sub      5345
r07  r02     leaf      600
r08  r02     total    5945
r09  r01     head
r10  r09     leaf     1285
r11  r09     leaf     1930
r12  r11     memo      410
r13  r09     leaf      872
r14  r09     leaf       94
r15  r09     total    4181
r16  r01     total   10127
```

r06-ஐக் கவனியுங்கள். கூட்டலின்படி r03, r04, r05 மூன்றும் அதற்குள்தான் அடக்கம். ஆனால் பெயரில்லாத ஒன்றை மூன்று வரிசைகளுக்குத் தாயாக்கினால், பட்டியலைப் படிப்பவருக்கு அது எதுவென்றே புரியாது. நாமாக ஒரு பெயர் சூட்டினால் தாளில் இல்லாததைச் சேர்த்ததாகிவிடும். அதனால் பிள்ளைகளை r02-க்கே தூக்கிக் கொடுத்துவிட்டு, r06-ஐ `sub` என்று குறித்து ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். சொத்தின் நிகர மதிப்பே முக்கியம் என்ற ஆய்வுக்கு இது ஒத்துவராது. அங்கே பெயர் சூட்டுவதே சரி, சூட்டியது நாம்தான் என்று தெரியும்படி.

பிவட்டில் `leaf` மட்டும் வடிகட்டினால் 10,126 வருகிறது. குழு வாரியாகச் சரிபார்க்க, மேலே உள்ள பத்திகள் A முதல் D வரை இருந்தால்:

```
=SUMIFS(D:D,B:B,"r09",C:C,"leaf")
```

இது 4,181 தரவேண்டும், தருகிறது.

இத்தனையும் இருப்புநிலைக் குறிப்புக்குத்தான். இலாப நட்டக் கணக்குக்கு இதே தாய்ப் பத்தியை எடுத்துக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே மொத்த இலாபம், இயக்க இலாபம், வரிக்கு முந்தைய இலாபம் என்று ஒவ்வோர் இடைமொத்தமும் தனக்கு முந்தையதை விழுங்கிக்கொண்டே கீழே இறங்கும். கூட்டல் வழி அதை ஒன்றுக்குள் ஒன்றாகப் பொதிந்த பெட்டிகளாக மடித்துவிடும். விற்பனை வருவாய் ஐந்தாறு நிலை ஆழத்தில் போய்க் கிடக்கும். போதாக்குறைக்குச் செலவுகள் பெரும்பாலும் குறியில்லாமலே அச்சாகியிருக்கும், அதனால் அந்த மடிப்பே பாதி இடங்களில் நடக்காது. அந்த அறிக்கைக்குத் தாய்ப் பத்தியைவிட, "எந்தப் படிக்கு மேலே" என்று சொல்லும் ஒரு படிநிலைப் பத்தியும், +1 அல்லது −1 என்று ஒரு குறிப் பத்தியும் வைத்துக்கொள்வதே ஒத்துவருகிறது. செலவுகளுக்கு உள்ளே இருக்கும் சின்னப் பிரிவுகளுக்கு மட்டும் தாய் போட்டால் போதும்.